வர வழி இருந்தது, போக வழி இல்லை: ஜன்னல் குறைந்த ஒரு சென்னை ஃபிளாட்டின் காற்றோட்டம்

சென்னையின் தென்பகுதியில், கடற்கரையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே ஒரு நான்கு மாடிக் கட்டடம். அதன் இரண்டாவது மாடியில் சுமார் 600 சதுர அடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். சித்திரை மாதத்துப் பிற்பகலில், மூன்று மணி வாக்கில், பால்கனிக் கொடியில் போட்ட துணி படபடவென்று அடித்துக்கொள்கிறது. அங்கிருந்து ஆறடி உள்ளே சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கோ முதுகெல்லாம் நனைகிறது. "வெளியில இவ்வளவு காத்து அடிக்குது, உள்ள மட்டும் ஏன் இப்படிப் புழுங்குது?" என்று அந்த வீட்டுப் பாட்டி கேட்ட கேள்விதான் இந்த ஆய்வின் தொடக்கம். சுவரை உடைக்கவோ புது ஜன்னல் வைக்கவோ முடியாது. வாடகை வீடு. மாற்றக்கூடியது சாமான்கள் இருக்கும் இடத்தை மட்டும்தான்.

வீட்டின் அமைப்பு

கிழக்கே தெரு. அந்தப் பக்கம் ஹாலின் பால்கனிக் கதவும் பெரிய படுக்கையறையின் ஜன்னலும் இருக்கின்றன. மேற்கே கட்டடத்தின் பின்புறம். சமையலறை ஜன்னல் அங்கே திறக்கிறது. சின்னப் படுக்கையறையின் ஜன்னலும் மேற்குதான், ஆனால் குழாய்கள் இறங்கும் திறந்த ஷாஃப்ட்டைப் பார்த்தபடி. தெற்குச் சுவர் பக்கத்து ஃபிளாட்டுக்கும் பொது. வடக்கே வாசற்கதவு, அதற்கு வெளியே லிஃப்ட்டும் படிக்கட்டும். ஆக வெளிக்காற்றைத் தொடும் திறப்புகள் மொத்தமே நான்கு.

ஹால் கிழக்கு மேற்காக 17 அடி நீளம், 10 அடி அகலம். பால்கனியிலிருந்து நேராக நடந்தால் ஹாலின் மறுகோடியில் சமையலறை வாசல், அதற்குள் எதிரே ஜன்னல். காற்று குறுக்கே ஓட இதைவிட நல்ல அமைப்பு இந்த அளவு வீட்டில் அரிதாகத்தான் கிடைக்கும். கட்டியவர் கொடுத்த வழி அது. குடியிருந்த சில ஆண்டுகளில் சாமான்கள் சேரச் சேர அந்த வழி மறைந்துபோயிருந்தது.

சாமான்கள் இருந்த நிலை இது. பால்கனிக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று பேர் உட்காரும் சோபா. ஹாலின் நடுவே, சாப்பாட்டு மேசையை வாசற்பக்கத்திலிருந்து மறைக்க, ஆறடி உயர ஷோகேஸ் குறுக்காக நின்றது. சமையலறை வாசலின் ஓரத்தைப் பாதி மறைத்தபடி ஃபிரிட்ஜ். சமையலறை ஜன்னலின் கீழ்ப்பகுதியை மறைத்து மசாலா டப்பா ஸ்டாண்ட். சின்ன அறையில் கதவுக்குப் பின்னால் பீரோ, அதனால் கதவு பாதிக்கு மேல் திறக்காது. பெரிய அறையில் ஜன்னலை முழுக்க மூடும் இரட்டைத் திரை.

ஊதுபத்தியை வைத்துப் பார்த்தால்

எதையும் நகர்த்துவதற்கு முன் காற்று எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஓர் ஊதுபத்தி போதும். கடற்காற்று நன்றாகப் புகுந்த பிறகு எல்லா ஃபேனையும், சமையலறை எக்ஸாஸ்ட்டையும் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு பால்கனி வாசல், சோபா, சாப்பாட்டு மேசை, சமையலறை வாசல், ஜன்னல் என்று ஒவ்வோர் இடத்திலும் முழங்கால், இடுப்பு, தலை என மூன்று உயரத்தில் பத்தியைப் பிடித்து, புகை சாய்கிறதா நேராக ஏறுகிறதா என்று பாருங்கள். கையை ஆட்டாமல் அரை நிமிடமாவது பிடித்தால்தான் சரியாகத் தெரியும். திரைக்கு அருகே பிடிக்க வேண்டாம்.

இந்த வீட்டில் பால்கனி வாசலில் தலை உயரத்தில் புகை உள்ளே சாய்ந்தது. சோபாவில் உட்கார்ந்தவரின் மார்பளவில் கம்பி போல நேராக ஏறியது. ஷோகேஸுக்குப் பின்னால், சாப்பாட்டு மேசையில், அங்கேயே சுழன்று தேங்கியது. கவனிக்க வேண்டிய இடம் சமையலறை ஜன்னல். அங்கே புகை வெளியே இழுபட வேண்டும். இங்கே மெல்லத் தயங்கி, ஜன்னலின் மேல் மூலையில் மட்டும் வெளியேறியது.

கதவு படாரென்று அடித்துக்கொள்வதும் ஒரு சோதனைதான். சின்ன அறைக் கதவு பிற்பகலில் அடிக்கடி சாத்திக்கொள்கிறது என்பதால் அதை எப்போதும் மூடியே வைத்திருந்தார்கள். கதவு அடிக்கிறது என்றால் அதன் வழியே போகக் காற்று முட்டுகிறது என்று பொருள். அங்கே வேண்டியது நான்கு அங்குல டோர் ஸ்டாப்பர். கதவைச் சாத்திவிட்டால் நான்கு திறப்பில் ஒன்று போய்விடுகிறது.

எவ்வளவு காற்று வரும்?

புழுக்கத்துக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். வீட்டுக்குள் வரும் காற்றே குறைவாக இருக்கலாம். அல்லது வருகிற காற்று மனிதர் இருக்கும் இடத்தைத் தொடாமல் போகலாம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இவற்றைக் குழப்பிக்கொண்டுதான் பலரும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சோபாவை இழுத்து இழுத்துப் பார்த்துச் சலித்துப்போகிறார்கள்.

முதலில் அளவு. காற்று ஒரு திறப்பில் நுழைந்து இன்னொன்றில் வெளியேறும்போது, இரண்டும் சேர்ந்து எவ்வளவு பெரிய ஒற்றைத் திறப்புக்குச் சமம் என்பதை இந்தக் கணக்கு சொல்லும்:

1/A² = 1/A₁² + 1/A₂²

A₁ உள்வாய், A₂ வெளிவாய், A அந்த ஒற்றைத் திறப்பு. பால்கனியின் ஸ்லைடிங் கதவு 5 அடிக்கு 7 அடி. ஸ்லைடிங் என்பதால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும், அதாவது 17.5 சதுர அடி. சோபாவின் முதுகு கீழ்ப்பகுதியை மறைத்ததால் 10 சதுர அடி மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். சமையலறை ஜன்னல் 3 அடிக்கு 3 அடி. அதிலும் பாதி திறந்தால் 4.5. டப்பா ஸ்டாண்ட் அடியில் ஓரடி உயரத்தை மறைத்ததால் 3 சதுர அடிதான் மிச்சம்.

10க்கும் 3க்கும் கணக்குப் போட்டால் 2.9 வருகிறது. சோபாவை முற்றிலும் அகற்றி உள்வாயை 17.5 ஆக்கினால் 3.0. அவ்வளவு பெரிய சாமானை நகர்த்தியும் பலன் இல்லாததற்குச் சமம். சோபாவைத் தொடாமல் டப்பா ஸ்டாண்டை மட்டும் எடுத்தால் வெளிவாய் 4.5 ஆகிறது, விடை 4.1. வீட்டுக்குள் ஓடும் காற்று நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கூடுகிறது. சிறிய வாய்தான் முழு வழியையும் ஆள்கிறது. இந்த மாதிரி வீடுகளில் சிறிய வாய் அநேகமாக எப்போதும் சமையலறையிலோ குளியலறைப் பக்கத்திலோ இருக்கும். பலர் அதைக் காற்றோட்டத்தோடு சேர்த்து எண்ணுவதே இல்லை.

ஆகவே முதல் வேலை சமையலறையில் நடந்தது. டப்பா ஸ்டாண்ட் பக்கச் சுவருக்குப் போனது. மேடையில் ஜன்னலுக்கு நேரே இருந்த மிக்ஸி, திறக்காத பாதிக்கு முன்னால் நகர்ந்தது. கொசுவலையைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தால் வெளிச்சம் பொட்டுப்பொட்டாகத்தான் தெரிந்தது. தாளிப்பு எண்ணெயும் தூசியும் சேர்ந்து கண்களை அடைத்திருந்தன. புது வலையே காற்றைக் கணிசமாகக் குறைக்கும். இப்படி அடைத்த வலை ஏறத்தாழச் சுவர்தான். சூடான தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, வலையைக் கால் மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் இரு பக்கமும் தேய்த்துக் கழுவினார்கள். நைலான் வலைக்கும் ஃபைபர் வலைக்கும் இது ஒத்துவரும். அலுமினிய வலையென்றால் சோடா கறுக்கவைக்கும், பாத்திரம் கழுவும் திரவமே போதும். சமையலறை வலையை மாதம் ஒருமுறையாவது இப்படிக் கழுவ வேண்டும். மற்ற ஜன்னல்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

சொந்த வீடாக இருந்தால் இந்த ஒரு ஜன்னலை மட்டும் ஸ்லைடிங்கிலிருந்து முழுக்கத் திறக்கும் கீல் கதவாக மாற்றச் சொல்லலாம். வெளிவாய் 4.5லிருந்து 9 ஆகும். பால்கனி முழுதாகத் திறந்திருக்கும்போது கணக்கு 4.4லிருந்து 8.0க்குப் போகும். வேறெந்தச் செலவும் இந்த அளவு பலன் தராது.

நடுவே உள்ள குறுகலான இடங்களுக்கும் இதே கணக்குதான். எளிய அளவுகோல் ஒன்று: வழியின் எந்த இடமும் வெளிவாயைவிட இரண்டு மடங்குக்குக் குறையாமல் இருந்தால் இழப்பு பத்தில் ஒரு பங்கு அளவில்தான். இந்த வீட்டின் வெளிவாய் 4.5 என்றால், நடுவில் 9 சதுர அடி இடைவெளி வேண்டும். சமையலறை வாசலை ஃபிரிட்ஜ் பாதி மறைத்தபோதும், அதன் மேலே இருந்த இடத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 10 சதுர அடி மிஞ்சியது. எனவே காற்றின் அளவுக்காக ஃபிரிட்ஜை நகர்த்தத் தேவை இல்லை. ஆனாலும் நகர்த்தினார்கள், காரணம் வேறு. ஃபிரிட்ஜ் தன் பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும் ஓயாமல் சூட்டைக் கக்குகிறது. பக்கத்திலேயே சாப்பாட்டு மேசை. அந்தச் சூடு சேரவேண்டிய இடம் வெளிவாய்க்கு அருகே, மனிதர் உட்காராத மூலை. சமையலறைக்குள் தெற்கு மூலையில், சுவரிலிருந்து நான்கு அங்குலம் விட்டு வைத்தார்கள்.

காற்று யாரைத் தொட்டுப் போகிறது?

இப்போது இரண்டாவது கேள்வி. காற்று ஓடத் தொடங்கிவிட்டது. ஊதுபத்தி சமையலறை ஜன்னலில் தெளிவாக வெளியே சாய்கிறது. ஆனால் சோபாவில் இன்னும் புகை நேராகத்தான் ஏறுகிறது. இங்கேதான் சாமான்களின் இடம் பேசுகிறது.

சோபாவின் முதுகு 34 அங்குலம். காற்று அதில் மோதி, மேலேறி, உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே போகிறது. முதுகு மறைப்பதால் காற்று எட்டாத நிழலில்தான் ஆள் உட்கார்ந்திருக்கிறார். உயரமான சாமான் எதுவானாலும் காற்றின் திசைக்குக் குறுக்காக நின்றால், அதன் பின்னால் அதன் உயரத்தைப் போல் சில மடங்கு தூரத்துக்குக் காற்று செத்துப்போகும். அதே சாமான் காற்றின் திசைக்கு இணையாகச் சுவரோடு ஒட்டி நின்றால் ஒரு பாதிப்பும் இல்லை.

சோபா தெற்குச் சுவரோடு நீளவாக்கில் போனது. டிவி எதிரே வடக்குச் சுவருக்கு. பால்கனிக் கதவின் எந்தப் பாதியைத் திறப்பது என்பதும் இதில் சேரும். முன்பு வடக்குப் பாதியைத் திறப்பது வழக்கம், ஏனென்றால் கைக்கு எட்டியது அதுதான். அப்படித் திறந்தால் காற்று டிவிப் பக்கமாக ஓடிவிடும். இப்போது தெற்குப் பாதியைத் திறக்கிறார்கள், காற்று சோபாவில் இருப்பவர் முழங்காலையும் மார்பையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. திறந்த பாதிக்கு முன்னால் இரண்டரை அடிக்குள் எதையும் வைக்கக் கூடாது. செருப்பு ஸ்டாண்டு, பூந்தொட்டி, மடிக்கும் நாற்காலி எல்லாம் நாளடைவில் அங்கேதான் வந்து சேரும்.

ஷோகேஸை எடுக்க வீட்டம்மாவுக்கு மனமில்லை. வாசலில் நிற்பவர் கண்ணுக்குச் சாப்பாட்டு மேசை தெரியக் கூடாது என்பது நியாயமான கவலை. பத்தடி அகலத்தில் நான்கடியை மட்டுமே அது மறைத்தது, ஆகவே காற்றின் அளவைப் பெரிதாகக் குறைக்கவில்லை. மேசையை மட்டும் நிழலில் தள்ளியது. தீர்வு அதன் முதுகில் இருந்தது. ஷோகேஸின் பின்பலகை மெல்லிய பிளைவுட், சின்ன ஆணிகளில் அடித்தது. அதைக் கழற்றிவிட்டு, நடுத்தட்டுகள் இரண்டைக் காலியாக விட்டார்கள். மேலேயும் கீழேயும் மட்டும் பொருட்கள். உட்கார்ந்தவர் உடல் இருக்கும் இரண்டிலிருந்து நாலரை அடி உயரம் வரை காற்று ஊடுருவுகிறது, நின்றுகொண்டு பார்ப்பவர் கண்ணுக்கு மேல்தட்டு மறைக்கிறது. பின்பலகை போனால் ஷோகேஸ் பக்கவாட்டில் ஆடும். அதனால் பின்பக்க மூலைகளில் நான்கு எல் வடிவ இரும்புக் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. குழந்தைகள் உள்ள வீடென்றால் இதைத் தவிர்த்துவிடக் கூடாது.

படுக்கையறைகள்

சின்ன அறையின் பீரோ கதவுக்குப் பின்னாலிருந்து தெற்குச் சுவருக்கு நகர்ந்தது. கதவு சுவர் வரை திறக்கிறது. ஜன்னலை ஒட்டி பீரோவை வைக்க ஒரு யோசனை வந்தது, இடம் அங்கேதான் தாராளம். வேண்டாம். ஜன்னல் ஓரத்தில் ஆறடி உயரப் பெட்டி நின்றால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் காற்று வளைந்து திரும்ப வேண்டியிருக்கும்.

பெரிய அறையில் கட்டில் உயரம் ஒன்றரை அடி, ஜன்னலின் கீழ்விளிம்பு தரையிலிருந்து மூன்றடி. ஜன்னலுக்கு நேர் அடியில் கட்டிலைப் போட்டிருந்தார்கள், காற்று வரும் என்ற நம்பிக்கையில். மூன்றடிக்கு மேலே நுழையும் காற்று, படுத்திருப்பவர் மேல் ஒன்றரை அடி உயரத்தில் கடந்துபோய்விடும். போதாக்குறைக்கு ஜன்னலுக்கு வெளியே லிண்டலை ஒட்டியே கான்கிரீட் சன்ஷேட். அது மேலிருந்து அழுத்தும் காற்றைத் தடுத்து, உள்ளே வரும் காற்றைச் சீலிங் பக்கம் ஏற்றிவிடும். கட்டிலை ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே, சீலிங் ஃபேனுக்கு நேர்க்கீழே கொண்டுவந்ததும் இரண்டும் சேர்ந்து வேலை செய்தன. ஜன்னல் மேலே கொண்டுவரும் காற்றை ஃபேன் கீழே தள்ளுகிறது. இரட்டைத் திரையில் கனமானது போய், திரைக்கம்பி ஜன்னலின் இருபுறமும் ஒன்பது அங்குலம் நீட்டிப் போடப்பட்டது. ஒதுக்கிய திரை கண்ணாடியின் மேல் அல்ல, சுவரின் மேல் குவிகிறது.

இரவில் அறைக்கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பது எல்லா வீட்டிலும் எழும் சிக்கல். கதவின் அடியில் முக்கால் அங்குல இடைவெளி இருக்கிறதே என்பார்கள். இரண்டரை அடி அகலக் கதவில் அது ஆறில் ஒரு சதுர அடிகூட வராது. எட்டு சதுர அடி ஜன்னலுக்கு அது போதவே போதாது. கதவைத் திறந்துவைத்து, நிலையில் ஒரு பருத்தித் திரை தொங்கவிட்டார்கள், மேலே ஓரடியும் கீழே ஆறங்குலமும் விட்டு. மேலும் கீழுமாகச் சேர்த்து மூன்றே முக்கால் சதுர அடி திறந்திருக்கிறது, மறைவும் கிடைக்கிறது.

சரிசெய்த பிறகு வந்த புதுச் சிக்கல்

ஹால் குளிர்ந்தது. ஆனால் மூன்று நாளில் ஒரு புகார்: இரவில் பெரிய அறையில் முன்பைவிடக் காற்று குறைவு. காரணம் எளிது. பால்கனிக் கதவும் அந்த அறை ஜன்னலும் ஒரே கிழக்கு முகத்தில் இருக்கின்றன. இரண்டும் உள்வாய்கள். இரண்டுக்கும் முக்கிய வெளிவாய் அதே சமையலறை ஜன்னல்தான். உள்ளே வரும் மொத்தக் காற்றை வெளிவாய் தீர்மானிக்கிறது, அதை உள்வாய்கள் தங்கள் அளவுக்கு ஏற்பப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 17.5க்கு 8 என்றால் அறைக்கு வருவது சுமார் 30 சதவீதம். சோபாவை நகர்த்திப் பால்கனி வாயை அகலமாக்கியதில் அறையின் பங்கு குறைந்துபோயிருந்தது.

இரவு படுக்கப் போகும்போது பால்கனிக் கதவை ஓரடி மட்டும் திறந்துவைக்கச் சொன்னதும் சரியாயிற்று. உள்வாய் 7 சதுர அடியாகக் குறைந்தாலும் வீட்டுக்குள் வரும் மொத்தக் காற்று அதிகம் குறையவில்லை, அறையின் பங்கு ஏறத்தாழப் பாதியாக உயர்ந்தது. அறைக்கதவு திறந்திருந்தால்தான் இது நடக்கும், திரை இருக்கலாம்.

திசை மாறும் நேரம்

கிழக்குக் காற்றை மட்டும் நம்பி அமைத்தால் ஆனி ஆடியில் ஏமாற்றம்தான். தென்மேற்குப் பருவத்தில் இரவும் காலையும் சென்னையில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், கடற்காற்று பிற்பகலில்தான் தலைகாட்டும். அப்போது சமையலறை ஜன்னல் உள்வாயாகிவிடும். பால்கனி வெளிவாய். அளவில் மாற்றமில்லை, ஆனால் காலைச் சமையலின் புகையும் தாளிப்பு நெடியும் ஹாலுக்குள் வரும். எதிர்க்காற்றில் எக்ஸாஸ்ட் ஃபேன் திணறும். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, சின்ன அறையின் ஷாஃப்ட் ஜன்னலைத் திறந்து ஹாலுக்குக் காற்று கொடுப்பது நடைமுறையில் நன்றாக இருக்கிறது. அடுப்புச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஜன்னலைப் பாதி சாத்த வேண்டும். சுடர் அணைந்தும் கேஸ் வந்துகொண்டே இருப்பது ஆபத்து.

ஷாஃப்ட் ஜன்னலில் இன்னொரு எச்சரிக்கை. பால்கனியையும் மற்ற ஜன்னல்களையும் மூடிவிட்டு எக்ஸாஸ்ட்டை மட்டும் போட்டால், அது இழுக்கும் காற்று ஷாஃப்ட்டிலிருந்துதான் வரும், மற்ற வீட்டுக் குளியலறை வாடையோடு. எக்ஸாஸ்ட் ஓடும்போது பால்கனிக் கதவு ஒரு கையகலமாவது திறந்திருக்க வேண்டும்.

வாசற்கதவும் ஒரு வெளிவாயாகலாம், கிரில் கேட் இருந்தால். ஆனால் அது படிக்கட்டைப் பொறுத்தது. இந்தக் கட்டடத்தில் படிக்கட்டின் உச்சியில் மொட்டைமாடிக் கதவு பகலில் பூட்டியிருக்கும். பூட்டியிருக்கும்போது கிரில் கேட்டில் ஊதுபத்திப் புகை அசையவில்லை. அது திறந்ததும் படிக்கட்டு புகைபோக்கி போல இழுத்தது, புகை வெளியே சாய்ந்தது. மொட்டைமாடிக் கதவுக்குக் கம்பிக் கதவு போடச் சொல்லி அசோசியேஷனில் கேட்டிருக்கிறார்கள். அது நடந்தால் எட்டு ஃபிளாட்டுக்கும் பலன்.

அக்னி நட்சத்திரத்து முற்பகலில், கடற்காற்று வருவதற்கு முன், வெளியே நாற்பது டிகிரியைத் தொடும்போது இந்த வழியைத் திறந்துவைப்பது தவறு. உள்ளே வருவது அனல். கிழக்குத் திரையை இழுத்து, ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனில் ஓட்டிவிட்டு, கொடித் துணி கிழக்கிலிருந்து ஆடத் தொடங்கியதும் திறக்க வேண்டும். முதலில் சமையலறை ஜன்னல், பிறகு பால்கனி.